எல்லா முட்டையும் ஒரே ஊர்க் கூடையில்: வெளிநாட்டுப் பங்கு கொஞ்சம் சேர்க்கலாமா, எவ்வளவு, எந்த வழியாக

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி நகரில் அக்கா மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்: "சித்தி, ஆபீஸில் எல்லாரும் அமெரிக்கா ஃபண்டு வாங்கு, வாங்குங்கறாங்க. அது நல்ல லாபம் தருமாமே, நாங்களும் போடலாமா?" அவளும் மாப்பிள்ளையும் மாதம் 40,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறார்கள், மியூச்சுவல் ஃபண்டில் 24 லட்சம் சேர்ந்திருக்கிறது, எல்லாமே இந்தியப் பங்குகள். ஓய்வுக்காலம் வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறது. அன்று சாயங்காலம் வரை நாங்கள் மூன்று பேரும் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன், அவர்களைப் போலப் புதிதாக யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

முதல் வேலை ஃபண்டு தேடுவது இல்லை. ஒரு காகிதத்தை எடுத்து, உங்களிடம் இருப்பது எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இது எந்த நாடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கும்' என்று எழுதுங்கள். அவர்கள் எழுதினார்கள். இரண்டு சம்பளம், இந்தியா. கடனில் வாங்கிய ஃப்ளாட், இந்தியா, அதிலும் பெங்களூரின் ஒரு மூலை. பிஎஃப், பேங்க் எஃப்டி, 24 லட்சம் ஃபண்டு, எல்லாம் இந்தியா. நகைக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தோம். தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டாலரில் நிர்ணயமாகிறது, ரூபாய் விழுந்தால் இங்கே அதன் விலை ஏறும், அதனால் நம் வீடுகளில் தெரியாமலேயே இருக்கிற ஒரே வெளிநாட்டுப் பாதுகாப்பு அதுதான். ஆனால் நகையை விற்றுப் பென்ஷனாகச் சாப்பிடப் போவதில்லை என்று அவளே அதை அடித்துவிட்டாள்.

இப்படி எல்லாவற்றையும் சொந்த நாட்டிலேயே வைப்பதை 'சொந்த நாட்டுச் சாய்வு' என்பார்கள். நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 1991-இல் ஃப்ரெஞ்ச், பொட்டெர்பா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரை ஒன்றில், அமெரிக்கர்கள் தங்கள் பங்கு முதலீட்டில் சுமார் 94 சதவீதத்தை உள்நாட்டிலேயே வைத்திருந்தார்கள், ஜப்பானியர்கள் 98 சதவீதம் என்று காட்டினார்கள். ஜப்பானியர்களின் அந்த 98 சதவீதம் என்ன ஆனது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பாடம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளியில் முடிந்தது. 2009 மார்ச்சில் 7,055-க்கு வந்தது. அந்தப் பழைய உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! 1989-இல் முப்பத்தைந்து வயதில் முழுப் பணத்தையும் போட்ட ஒருவர் அந்த எண்ணை மீண்டும் பார்த்தபோது அவருக்கு அறுபத்தொன்பது. அந்த ஊரில் கார் கம்பெனிகளும் மின்னணுக் கம்பெனிகளும் இல்லாமல் போய்விடவில்லை, உழைப்பும் குறையவில்லை. விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது, அதன் பிறகு இறங்கியது, அவ்வளவுதான். இடையில் மாதாமாதம் போட்டவர்களுக்கும் டிவிடெண்டு வாங்கியவர்களுக்கும் அடி குறைவு, அதையும் சொல்ல வேண்டும்.

"இந்தியா அப்படி ஆகிவிடுமா?" என்றார் மாப்பிள்ளை. ஆகும் என்று நான் சொல்லவில்லை, எனக்கு இந்தியாவின் மேல் நம்பிக்கை உண்டு, என் சொந்தப் பணத்தில் பெரும் பங்கு இங்கேதான் இருக்கிறது. ஆனால் 1989-இல் டோக்கியோவில் அநேகமாக யாரும் அப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

அடுத்த படி, லாபத்துக்காக வெளிநாடு போகிறோம் என்ற எண்ணத்தை எடுத்துவிடுவது. இதற்கு அவர்களுடைய 24 லட்சத்தையே வைத்து இரண்டு பத்தாண்டுகளை எதிரெதிரே போட்டுப் பார்த்தோம். டிவிடெண்டை விட்டுவிட்டு, குறியீட்டின் புள்ளியையும் டாலர் விலையையும் மட்டும் எடுத்துக்கொண்ட சுமாரான கணக்கு இது.

1999 கடைசியில் சென்செக்ஸ் 5,005. 2009 கடைசியில் 17,464. ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அதே பத்து வருடத்தில் அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீடு 1,469-இலிருந்து 1,115-க்கு இறங்கியது. டாலர் சுமார் 43.5 ரூபாயிலிருந்து 46.5 ஆனதைச் சேர்த்தாலும் ரூபாயில் 19 சதவீதம் நஷ்டம். 24 லட்சத்தையும் இந்தியாவிலேயே வைத்திருந்தால் சுமார் 84 லட்சம். அதில் 15 சதவீதத்தை, அதாவது 3.6 லட்சத்தை, அமெரிக்காவில் போட்டிருந்தால் மொத்தம் 74 லட்சம். பத்து லட்சம் போச்சு.

இப்போது அடுத்த பத்தாண்டு. 2010 கடைசியில் சென்செக்ஸ் 20,509, 2020 கடைசியில் 47,751, அதாவது 2.33 மடங்கு. எஸ்&பி 500 அதே காலத்தில் 1,257-இலிருந்து 3,756, டாலர் 45 ரூபாய்க்குச் சற்றுக் கீழிருந்து 73-க்குப் போனது, இரண்டையும் பெருக்கினால் ரூபாயில் கிட்டத்தட்ட 4.9 மடங்கு. முழுவதும் இந்தியா என்றால் 24 லட்சம் 56 லட்சமாகியிருக்கும். 15 சதவீதம் அங்கே என்றால் 65 லட்சம். ஒன்பது லட்சம் கூடுதல்.

"அப்போ ரெண்டும் சமம்தானே சித்தி, எதுக்கு இந்த வேலை?" என்றாள். மிகச் சரியான கேள்வி. காகிதத்தில் சமம், வாழ்க்கையில் சமம் இல்லை. முதல் பத்தாண்டில் உங்கள் வெளிநாட்டுப் பணம் தேங்கியது, ஆனால் அப்போது இந்தியாவில் சம்பளம் ஏறியது, மனை விலை ஏறியது, மிச்ச 85 சதவீதம் மூன்றரை மடங்கானது. பத்து லட்சம் குறைந்தாலும் 74 லட்சம் கையில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அதனால் தூக்கம் கெடாது. ஆனால் இந்தியா நீண்ட காலம் தேங்கும் ஒரு காலம் வந்தால், அப்போது பங்கு மட்டும் படுக்காது. அவளுடைய வேலை, மாப்பிள்ளையின் கம்பெனி, ஃப்ளாட்டின் விலை, எல்லாம் சேர்ந்து படுக்கும். அந்த நேரத்தில் இன்னொரு கொடியில் காய்கிற துணி கொஞ்சம் இருந்தால் அதன் மதிப்பு அந்த ஒன்பது, பத்து லட்சத்தைவிடப் பெரியது. காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறோமே, அதுபோலத்தான் இதுவும்.

சந்தை ஒரேயடியாக விழும்போது இது காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். 2008-இல் சென்செக்ஸ் 52 சதவீதம் விழுந்தது, எஸ்&பி 500-உம் 38 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பயம் வந்தால் உலகம் முழுக்க ஒன்றாகத்தான் விற்கிறார்கள். ஆனால் அதே வருடம் டாலர் 39.4-இலிருந்து 48.7 ரூபாய்க்கு ஏறியதால், ரூபாயில் பார்க்கும் நமக்கு அந்த 38 சதவீதம் 24 சதவீதமாகக் குறைந்தது. பயந்தவர்கள் இங்கிருந்து டாலரை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், ரூபாய் விழும், விழுவதே நமக்கு மெத்தையாகிறது. இந்த 15 சதவீதக் கணக்கில் அந்த மெத்தை எவ்வளவு? 24 லட்சம் 11.4 ஆவதற்குப் பதில் 12.4 ஆகியிருக்கும். ஒரு லட்சம். நல்லதுதான், ஆனால் இதற்காக மட்டும் இறங்க வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு வைப்பது? உலகப் பங்குச் சந்தைகளின் மொத்த மதிப்பில் இந்தியா சுமார் நான்கு சதவீதம்தான், அதனால் 96 சதவீதத்தை வெளியே வை என்று புத்தகக் கணக்கு சொல்லும். அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் ரூபாயில் வாங்குகிற குடும்பத்துக்கு அது பொருந்தாது, வரியும் செலவும் வேறு கூடும். மறுபக்கம் இரண்டு, மூன்று சதவீதம் வைப்பது பார்ப்பதற்கு ஒரு வரி கூடுமே தவிர எதையும் மாற்றாது. 24 லட்சத்தில் ஐந்து சதவீதம் 1.2 லட்சம், அது இரட்டிப்பானாலும் மொத்தத்தில் ஐந்து சதவீதம்தான் ஏறும். என் கருத்து, பங்கு முதலீட்டில் 10 முதல் 20 சதவீதம். பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் 20 பக்கம் போங்கள், ஏனென்றால் அந்தச் செலவே டாலரிலோ யூரோவிலோதான் வரப்போகிறது. அக்கா மகளுக்கு ஆறு வயதில் ஒரு பெண், இன்னும் எதுவும் முடிவில்லை. 15 என்று எழுதினோம்.

எதை வாங்குவது என்பதில் அவளுடைய ஆபீஸில் எல்லாரும் சொன்னது நாஸ்டாக் 100. அது நிதித் துறையை விட்டுவிட்டு, நாஸ்டாக் சந்தையில் உள்ள பெரிய நூறு கம்பெனிகள். எடையில் கணிசமான பகுதி ஒரு கைக்குள் அடங்கும் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு. பெங்களூரில் இதை யோசித்து வாங்க வேண்டும். இந்த ஊரின் சம்பளம், வாடகை, ஃப்ளாட் விலை எல்லாமே அமெரிக்கத் தொழில்நுட்பத் துறையின் செலவில் ஆடுகிறது, மாப்பிள்ளையின் கம்பெனிக்கும் பெரிய வாடிக்கையாளர்கள் அங்கேதான். சம்பளம் நடுங்குகிற அன்றைக்கே ஃபண்டும் நடுங்கினால் அது இன்னொரு கொடி இல்லை, அதே கொடியின் மறுமுனை. அகலமான குறியீடு வேண்டும்: குறைந்தது எஸ்&பி 500, கிடைத்தால் பல வளர்ந்த நாடுகளைச் சேர்த்த உலகக் குறியீட்டு ஃபண்டு. போன ஐந்து வருட வருமானப் பட்டியலில் மேலே இருப்பதைப் பார்த்து எடுக்காதீர்கள்.

அவர்களுடைய கீழ்வீட்டுக்காரர் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் அவரைப் போலப் பலர் இருக்கிறார்கள். அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் வேலை, சம்பளத்தோடு அந்தக் கம்பெனியின் பங்கும் வருகிறது, ஆர்எஸ்யு. இதுவரை 70 லட்சம், இந்திய ஃபண்டு 30 லட்சம். "எனக்குத்தான் எழுபது சதவீதம் வெளிநாட்டில் இருக்கே, நான் ஏற்கனவே பிரிச்சு வச்சிருக்கேன்" என்கிறார். அந்த எழுபதும் ஒரே கம்பெனி, அதுவும் மாதச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி. ஆள் குறைப்பு வரும் வாரத்தில்தான் பங்கும் விழும். அவருக்கான படி புதிதாக வாங்குவது இல்லை, விற்பது. ஆர்எஸ்யு கைக்கு வரும் நாளிலேயே அதன் முழு மதிப்பும் சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படுகிறது, அன்றைய விலையே வாங்கிய விலையாகிறது. அதனால் வந்த உடனே விற்றால் அதன் மேல் மூலதன லாப வரி ஏறக்குறைய இல்லை. "இந்தக் காசு போனஸாக ரொக்கத்தில் வந்திருந்தால் இந்தப் பங்கை வாங்கியிருப்பேனா?" என்று கேட்டுக்கொண்டு, இல்லை என்றால் ஒவ்வொரு முறையும் வந்த உடனே விற்று அகலமான ஃபண்டுக்கு மாற்றலாம்.

அப்புறம் எந்த வழியாகப் போவது. எனக்கே அடிபட்ட இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

எளிதான வழி, இந்திய ஃபண்டு நிறுவனம் ரூபாயில் நடத்துகிற வெளிநாட்டு ஃபண்டு. மற்ற எஸ்ஐபி மாதிரியே போடலாம், வெளிநாட்டுக் கணக்கு வேண்டாம். ஆனால் இங்கே ஒரு கதவு உண்டு, அது சில சமயம் மூடியிருக்கும். எல்லா மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போடக்கூடியது 700 கோடி டாலர், பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்டுகளான வெளிநாட்டு ஈடிஎஃப்களில் தனியாக 100 கோடி டாலர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2022 தொடக்கத்தில் முதல் வரம்பை எட்டியதும் புதிய பணம் வாங்குவதை நிறுத்தச் சொன்னது சந்தையைக் கண்காணிக்கும் செபி. ஈடிஎஃப் வரம்புக்காக 2024 ஏப்ரலில் மறுபடி நிறுத்தம். அதன் பிறகு, பணம் வெளியே போய் இடம் கிடைத்தால் திறப்பதும் நிறைந்தால் மூடுவதுமாக ஒவ்வொரு ஃபண்டும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. எனவே தேர்ந்தெடுப்பதற்கு முன் ஃபண்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இரண்டைப் பாருங்கள்: புதிய எஸ்ஐபி ஏற்கிறார்களா, மாதத்துக்கு உச்ச வரம்பு ஏதும் உண்டா.

கதவு மூடியிருந்த ஒரு காலத்தில் நான் செய்த தவறு. ஃபண்டில் போட முடியவில்லை, ஆனால் அதே குறியீட்டின் ஈடிஎஃப் இங்கே பங்குச் சந்தையில் ஓடிக்கொண்டிருந்தது, டீமேட் கணக்கில் இரண்டு தட்டு தட்டினால் வாங்கலாம். வாங்கினேன், ஒரு யூனிட் 142 ரூபாய். இரண்டு நாள் கழித்துத்தான் நிறுவனத்தின் தளத்தில் iNAV என்ற எண்ணைப் பார்த்தேன். 120. அதாவது அந்த யூனிட்டுக்குள் இருந்த பங்குகளின் மதிப்பு 120 ரூபாய், நான் கொடுத்தது 142. பதினெட்டு சதவீதம் அதிகம்.

எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இனி யாரும் மாட்ட மாட்டீர்கள். சாதாரணமாக ஈடிஎஃப் விலை ஏறினால், சந்தையில் இதற்கென்றே இருப்பவர்கள் நிறுவனத்திடம் பணம் கொடுத்துப் புது யூனிட் உருவாக்கி விற்பார்கள், விலை மதிப்புக்குத் திரும்பிவிடும். வெளிநாட்டு வரம்பு தீர்ந்துவிட்டால் புது யூனிட் உருவாக்க முடியாது. இருக்கிற யூனிட்டுகளுக்கே போட்டி, விலை பலூன் மாதிரி ஊதுகிறது. பிறகு என்றாவது வரம்பு தளர்ந்தால் காற்று இறங்கும். என் கணக்கில், அமெரிக்கக் குறியீடு 10 சதவீதம் ஏறி மதிப்பு 132 ஆனாலும், மதிப்புக்கு மேல் கொடுத்த அந்தக் கூடுதல் விலை, அதாவது பிரீமியம், மறைந்துவிட்டால் 142 கொடுத்த எனக்கு 7 சதவீத நஷ்டம்.

எனவே ஈடிஎஃப் வாங்கும் முன் விலையை iNAV-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.02-க்குள் என்றால் பரவாயில்லை, ஏனென்றால் நம் சந்தை நடக்கும் நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும், ஒன்று இரண்டு சதவீத வித்தியாசம் இயல்பு. 1.05-க்கு மேல் என்றால் காத்திருங்கள். மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், விலை குறித்த லிமிட் ஆர்டர்தான். இன்னொன்றும் உண்டு: சில ஃபண்டுகள் வெளிநாட்டுப் பங்கை நேரடியாக வாங்காமல், இங்கே ஓடுகிற இந்த ஈடிஎஃப்பையே வாங்கி வைத்திருக்கும். அப்படியென்றால் பிரீமியம் அதற்குள்ளும் வந்துவிடலாம். ஃபண்டின் மாதாந்தர விவரத்தாளில் 'எதை வைத்திருக்கிறது' என்ற பகுதியைத் திறந்து பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வழி, ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் பேங்க் மூலம் டாலர் அனுப்பி வெளிநாட்டுத் தரகுக் கணக்கில் நேரடியாக வாங்குவது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்கு அனுப்பும் பணம் வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். 12 லட்சம் அனுப்பினால் 40,000. இது செலவு இல்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அதுவரை பணம் முடங்கும், அவ்வளவே.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும், அதில் ஒரு ரூபாய் வருமானம் இல்லாவிட்டாலும், வருமான வரிப் படிவத்தில் Schedule FA என்ற பகுதியில் காட்ட வேண்டும், அதுவும் நிதியாண்டு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. காட்டாமல் விட்டால் 2015-ஆம் வருடத்துக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. 2024 அக்டோபரிலிருந்து, வீடு நிலம் அல்லாத வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு இந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள், ஆனால் காட்டுகிற கடமை போகவில்லை. இன்னொன்று, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது: அமெரிக்கப் பங்கை நேரடியாக வைத்திருக்கும் இந்தியர் இறந்தால், அங்கே உள்ள அவருடைய சொத்தில் 60,000 டாலருக்கு மேல் உள்ளதற்கு அமெரிக்க அரசு 40 சதவீதம் வரை வாரிசு வரி கேட்கும். இதற்கு இரு நாட்டு ஒப்பந்தமும் இல்லை. கீழ்வீட்டுக்காரரின் ஆர்எஸ்யு 70 லட்சம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது, அவர் மனைவிக்கு அந்தக் கணக்கின் லாகின்கூடத் தெரியாது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை இறங்கிப் போய் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆகவே 15 சதவீதம் என்ற அளவுக்கு, சில லட்சங்களுக்கு, ரூபாய் ஃபண்டே போதும் என்பது என் முடிவு. வரி கொஞ்சம் வித்தியாசம்: இப்போதைய விதிப்படி வெளிநாட்டு ஃபண்டை 24 மாதம் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான வரி அடுக்கின்படி. இந்தியப் பங்கு ஃபண்டுக்குக் கிடைக்கிற 1.25 லட்சம் ரூபாய் விலக்கு இதற்குக் கிடையாது.

கடைசியாக, எப்படி உள்ளே போவது. இருக்கிற இந்திய ஃபண்டை விற்று மாற்ற வேண்டாம், அதற்கும் வரி கட்ட வேண்டும். புதிதாக வரும் பணத்தைத் திருப்பினால் போதும். 40,000-இல் 15 சதவீதம் 6,000 தானே என்று அவள் உடனே சொன்னாள். ஆனால் பழைய 24 லட்சம் முழுக்க இந்தியாவில் இருக்கும்போது 6,000 மட்டும் போட்டால் மொத்தத்தில் 15 சதவீதத்தை ஒருநாளும் எட்டாது. அவளே கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தாள்: சந்தை ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால், மாதம் 12,000 என்றால் ஐந்து வருடம், 16,000 என்றால் மூன்று வருடம். மூன்று வருடத்தில் 5.76 லட்சம் அங்கே, மொத்தம் 38.4 லட்சம், சரியாக 15. அதனால் மூன்று வருடத்துக்கு 16,000 வெளிநாடு, 24,000 இந்தியா, அதன் பிறகு 6,000-உம் 34,000-உம்.

வருடத்துக்கு ஒருமுறை, வரித் தாக்கலுக்கு உட்காரும் அன்று, சதவீதத்தைப் பார்த்தால் போதும். எட்டிய பிறகு பத்துக்குக் கீழ் போயிருந்தால் வெளிநாட்டு எஸ்ஐபியைக் கூட்டுங்கள், இருபதுக்கு மேல் போயிருந்தால் அதை நிறுத்தி அந்தப் பணத்தையும் இந்தியாவுக்கே விடுங்கள். விற்காமலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் செய்வது சொல்வதை விடக் கடினம், ஏனென்றால் கூட்ட வேண்டிய வருடத்தில்தான் வெளிநாட்டு ஃபண்டு மோசமாகத் தெரியும், 2009-இல் தெரிந்ததைப் போல, நிறுத்த வேண்டிய வருடத்தில்தான் ஆபீஸில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்த 10, 15, 20 என்ற மூன்று எண்களையும் தேதி போட்டு இப்போதே எழுதி வைக்கச் சொன்னேன். அவள் அதைப் பிஎஃப் காகிதங்கள் இருக்கிற ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டினாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை கேட்டார்: "போட ஆரம்பிச்ச பிறகு ஃபண்டு மறுபடி மூடிட்டா என்ன செய்யறது?" அந்த மாதங்களின் 16,000-ஐ லிக்விட் ஃபண்டு ஒன்றில் தனியாக ஒதுக்கி வையுங்கள், ஆறு மாதம் பாருங்கள், திறந்தால் நான்கைந்து தவணையாக உள்ளே விடுங்கள், திறக்கவில்லை என்றால் இன்னொரு நிறுவனத்தின் அகலமான ஃபண்டு திறந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஈடிஎஃப் பக்கம் மட்டும் அவசரத்தில் போகாதீர்கள் என்றேன்.

"142-ஐ 120-ஆல் வகுக்கணும், அதுதானே?" என்றார், ஃபைலிலேயே அதையும் ஓர் ஓரத்தில் எழுதிக்கொண்டே.